பட்ஜெட் நாளில் ஏறிய பங்கு ஏன் நிற்பதில்லை?

கேள்வி: "பட்ஜெட்ல ஒரு துறைக்கு நல்ல அறிவிப்பு வந்தா அந்தப் பங்குகள் உடனே ஏறுது, ரெண்டு நாள்ல இறங்கிடுது. சில சமயம் அன்னைக்கு மதியமே திரும்பிடுது. யாராவது வேணும்னே ஏத்தி இறக்குறாங்களா? எந்தத் துறை எப்படிப் போகும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

சின்ன நிறுவனப் பங்குகளில் ஏற்றி இறக்கும் வேலை நடப்பது உண்டு. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்கிற அந்தத் திருப்பத்துக்குச் சதி எதுவும் தேவையில்லை. ஒரே அறிவிப்பை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அளவு விவரத்தோடு கையாளுகிறார்கள். முதலில் வருகிறவர்கள் காதில் விழுந்த சொல்லுக்கு விலை வைக்கிறார்கள். அடுத்து வருகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து விலை வைக்கிறார்கள். மாதங்கள் கழித்து நிறுவனத்தின் காலாண்டு முடிவு வரும்போது இன்னொரு விலை வருகிறது. பங்குத் தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு குறிப்பிட்ட நாளை எடுத்துப் பிரித்துக் காட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். 2023 பிப்ரவரி 1 அதற்குத் தோதான நாள். திரும்பிய பங்கும் திரும்பாத பங்கும் அன்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

முதலில் அந்த நாளின் ஓட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நிதி அமைச்சர் காலை 11 மணிக்குப் பேசத் தொடங்குகிறார். உரையின் முதல் பகுதியில் திட்டங்களும் ஒதுக்கீடுகளும் வரும், இரண்டாம் பகுதியில்தான் வரி மாற்றங்கள் வரும். 2023இல் உரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனது. நிதி மசோதா, அதன் விளக்கக் குறிப்பு, சுங்கம் மற்றும் கலால் அறிவிக்கைகள், அமைச்சக வாரியான செலவு விவரங்கள் எல்லாம் உரை முடிந்த பிறகே indiabudget.gov.in தளத்தில் கிடைக்கும். ஆக, சந்தை திறந்திருக்கும் நேரத்தின் முக்கியமான ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், எல்லோரும் வெறும் வாக்கியங்களை வைத்துத்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அந்த வாக்கியங்களில் சதவீதம் இருக்கும், அது எதன் மீதான சதவீதம் என்பது பெரும்பாலும் இருக்காது.

அன்று சிகரெட்டுக்கு நடந்தது இதற்கு நேரடி உதாரணம். குறிப்பிட்ட வகை சிகரெட்டுகள் மீதான என்சிசிடி எனப்படும் தேசியப் பேரிடர் வரி ஏறக்குறைய 16 சதவீதம் உயர்த்தப்படும் என்று உரையில் ஒரு வரி வந்தது. சிகரெட், வரி, 16 சதவீதம் என்ற மூன்று சொற்கள் காதில் விழுந்ததும் சிகரெட் தயாரிக்கும் ஐடிசியின் பங்கு சில நிமிடங்களில் 6 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. செய்தி வரியைப் படித்ததும் ஆணை போடும் கணினி நிரல்கள் ஒரு பக்கம், இந்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று முன்பே போட்டு வைத்த ஸ்டாப் லாஸ் அடிபட்டு வெளியேறியவர்கள் இன்னொரு பக்கம். விற்றவர்களில் யாரும் அந்த நிமிடத்தில் கணக்குப் போட்டிருக்க முடியாது, ஏனென்றால் கணக்குப் போடத் தேவையான அட்டவணை அப்போது கையில் இல்லை.

அட்டவணை வந்த பிறகு கணக்கு இப்படி இருந்தது. இந்த வரி ஆயிரம் சிகரெட்டுக்கு இத்தனை ரூபாய் என்று விதிக்கப்படுகிறது. 65 முதல் 70 மில்லிமீட்டர் நீளமுள்ள ஃபில்டர் சிகரெட்டுக்கு ஆயிரத்துக்கு 440 ரூபாயாக இருந்தது 510 ஆனது. 70 ரூபாய் உயர்வு, கேட்டால் 16 சதவீதம் சரிதான். ஆனால் ஒரு சிகரெட்டுக்கு அது 7 காசு. மிக நீளமான வகைக்கு 735 ரூபாய் 850 ஆனது, அதாவது ஒன்றுக்கு பதினொன்றரைக் காசு. அப்போது சிகரெட் மீதான வரியில் பெரும்பகுதி ஜிஎஸ்டியும் அதன் மேல் விதிக்கப்பட்ட இழப்பீட்டு செஸ்ஸும்தான். என்சிசிடி அந்த மொத்தத்தில் ஒரு சின்ன துண்டு. அந்தத் துண்டு 16 சதவீதம் வளர்ந்ததை மொத்த வரியே 16 சதவீதம் வளர்ந்ததாகச் சந்தை சில நிமிடங்கள் நடத்தியது.

7 காசை ஈடுகட்ட விலையில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதையும் பார்க்கலாம். ஏற்றுகிற விலை மீதும் அன்று ஜிஎஸ்டி இருந்தது, செஸ் இருந்தது, கடைக்காரரின் பங்கும் இருந்தது. அதனால் 7 காசு போதாது, சுமார் 10 காசு ஏற்ற வேண்டும். ஒரு சிகரெட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1 சதவீதம். ஒரு சதவீத விலை உயர்வால் புகைப்பவர் விட்டுவிடப் போவதில்லை, நிறுவனத்தின் லாபமும் குறையப் போவதில்லை. இந்தக் கணக்கு ஒரு ஆய்வாளருக்குப் பத்து நிமிட வேலை. அது எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்ததும் பங்கு சரிவை முழுக்க மீட்டது. அதோடு நிற்காமல் முந்தைய நாளைவிட 2 சதவீதத்துக்கும் கூடுதலான ஏற்றத்தில் முடிந்தது. வரி ஏறிய நாளில் பங்கும் ஏறியது.

சரிவை மீட்டதைக் கணக்கு விளக்கிவிடும். அதற்கு மேலும் ஏன் ஏறியது? அதற்கு மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். 2020 பட்ஜெட்டில் இதே வரி, இதே 65 முதல் 70 மில்லிமீட்டர் சிகரெட்டுக்கு, ஆயிரத்துக்கு 90 ரூபாயிலிருந்து 440 ரூபாய்க்குத் தாவியது. ஒரு சிகரெட்டுக்கு 35 காசு. அன்று ஐடிசி கடுமையாக விழுந்தது, அந்த வீழ்ச்சிக்கு அர்த்தமும் இருந்தது. 2021, 2022 பட்ஜெட்டுகளில் இந்த வரியைத் தொடவில்லை. ஆகவே 2023 வரும்போது 'இந்த முறை பெரிதாக வரும்' என்ற பயம் விலைக்குள் உட்கார்ந்திருந்தது. 35 காசை எதிர்பார்த்துப் பயந்தவருக்கு 7 காசு நல்ல செய்தி. பட்ஜெட் அறிவிப்பைப் படிக்கும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: நேற்று மாலை விலையில் எது இருந்தது? அறிவிப்பு நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது. எதிர்பார்த்ததைவிட நல்லதா கெட்டதா என்பதுதான் பங்கை நகர்த்துகிறது. எதிர்பார்ப்பு எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை, அதனால் இந்தக் கேள்விக்கு முழுமையான விடை யாரிடமும் இருக்காது.

அதே நாள், அதே உரை, அடுத்த துறைக்குப் போவோம். 2023 ஏப்ரல் 1 முதல் எடுக்கப்படும் ஆயுள் காப்பீட்டு பாலிசிகளில், ஆண்டு பிரீமியம் மொத்தம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. இறப்பின்போது கிடைக்கும் தொகைக்கு இது பொருந்தாது. பங்குச் சந்தை முதலீட்டோடு இணைந்த யூலிப் பாலிசிகளுக்கு ஏற்கெனவே 2021இலேயே தனி வரம்பு வந்துவிட்டது. இதைக் கேட்டதும் ஹெச்டிஎஃப்சி லைஃப், ஐசிஐசிஐ புருடென்ஷியல் லைஃப், எஸ்பிஐ லைஃப் பங்குகள் ஒரே நாளில் 10 சதவீதத்தை ஒட்டி விழுந்தன. இங்கே யாரும் மதியம் ஓடி வந்து மீட்கவில்லை. அடுத்த வாரங்களிலும் அழுத்தம் தொடர்ந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? ஏனென்றால் இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தாலும் விடை மோசமாகவே வந்தது. பெரிய தொகை பாலிசிகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் பாதுகாப்புக்காக வாங்கவில்லை. உறுதியான வருமானம், அதற்கு வரி இல்லை என்ற சேர்க்கைக்காக வாங்கினார்கள். வரிவிலக்கை எடுத்துவிட்டால் அது வங்கி வைப்புத்தொகையோடும் கடன் பத்திரத்தோடும் போட்டி போட வேண்டிய ஒரு சாதாரண முதலீடு. அதற்கு மேல், இந்தப் பாலிசிகள்தான் நிறுவனங்களுக்கு நல்ல லாப விகிதம் தந்தவை. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு விலை இந்த வருட லாபத்தை வைத்து நிற்பதில்லை. வருங்காலத்தில் எழுதப்போகும் புதிய பாலிசிகளின் மதிப்பை வைத்துத்தான் நிற்கிறது. அந்த வளர்ச்சி வருடத்துக்கு ஓரிரு சதவீதம் குறையும் என்று கருதினாலே இன்றைய மதிப்பில் பெரிய ஓட்டை விழும்.

இதிலும் ஒரு திருப்பம் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. விதி ஏப்ரல் 1 முதல்தான் என்பதால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 'இன்னும் சில வாரம்தான்' என்று சொல்லி முகவர்கள் விற்றுத் தள்ளினார்கள். மார்ச் விற்பனை எண்கள் அற்புதமாக வந்தன. அது அடுத்த வருடத்து விற்பனையை முன்கூட்டியே இழுத்துக்கொண்டதுதான். பிறகு நிறுவனங்கள் வேறு வகைப் பாலிசிகளுக்கு மாறிக்கொண்டன, பங்குகளும் சில மாதங்களில் தேறின. அந்தத் தேறலில் எவ்வளவு பங்கு இந்த மாற்றத்துக்கு, எவ்வளவு பொதுச் சந்தை ஏறியதற்கு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. சொல்பவர்கள் ஊகிக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வியில் இருக்கிற 'நல்ல அறிவிப்பு' வகைக்கு வருவோம். அதே உரையில் மூலதனச் செலவு 33 சதவீதம் உயர்த்தப்பட்டு 10 லட்சம் கோடி ரூபாய் ஆக்கப்படும் என்று வந்தது. சாலை, ரயில், சிமெண்ட், இயந்திரத் துறைப் பங்குகள் காலையில் துள்ளின. மதியத்துக்குப் பிறகு பல பங்குகள் ஏறியதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தன. இந்த வகை அறிவிப்புதான் திரும்புவதில் முதலிடம் என்பது என் அனுபவம். அதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

ஒதுக்கீடு என்பது வருமானம் இல்லை. பணம் அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டு, அங்கிருந்து நெடுஞ்சாலை ஆணையம் அல்லது ரயில்வே போன்ற அமைப்புக்குப் போய், திட்ட அறிக்கை, நிலம், டெண்டர், தேர்வான நிறுவனத்துக்கு ஏற்புக் கடிதம், வேலைத் தொடக்கம், வேலை அளவீடு, பில் என்று பல படிகளைத் தாண்டினால்தான் பட்டியலிட்ட நிறுவனத்தின் கணக்கில் விற்பனையாக வரும். பெரிய வேலைகளில் இதற்கு ஓரிரு வருடங்கள் சாதாரணமாக ஆகிவிடும். இடையில் பணம் முழுதும் செலவாகும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2024-25க்கு மூலதனச் செலவு 11.11 லட்சம் கோடி என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த பட்ஜெட்டில் வந்த திருத்திய மதிப்பீட்டில் அது 10.18 லட்சம் கோடியாகக் குறைந்திருந்தது. பட்ஜெட் ஆவணங்களில் ஒவ்வொரு தலைப்புக்கும் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனி நெடுவரிசைகள் இருக்கும். தொலைக்காட்சி முதலாவதைத்தான் காட்டும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் மதியம்தான் வருவார்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. முன்பு நெடுஞ்சாலை ஆணையம் தானே சந்தையில் கடன் வாங்கிச் சாலை போட்டது. அந்தக் கடன் பட்ஜெட் மூலதனச் செலவில் சேராது. 2022-23 பட்ஜெட்டிலிருந்து அந்தக் கடன் வாங்கலை நிறுத்திவிட்டு, பணத்தை நேரடியாகப் பட்ஜெட்டிலிருந்தே கொடுக்கத் தொடங்கினார்கள். பட்ஜெட் எண் பெரிதானது. ஆனால் அந்த அளவுக்குப் புதுச் சாலை வரவில்லை, ஒரு பையிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் இன்னொரு பையிலிருந்து வரத் தொடங்கியது. ஆகவே மூலதனச் செலவு இத்தனை சதவீதம் உயர்வு என்று கேட்டால், பொதுத்துறை நிறுவனங்களின் சொந்த நிதி ஆதாரங்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து எவ்வளவு என்று கேட்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் நடுவில் கணிசமான தூரம் இருக்கலாம்.

சரி, குறியீட்டுக்கு என்ன ஆனது? அன்று காலை சென்செக்ஸ் 1,100 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. முடிவில் 158 புள்ளி ஏற்றம்தான் மிஞ்சியது, நிஃப்டி சற்றே இறங்கியே முடிந்தது. 'பட்ஜெட்டை மறுபரிசீலனை செய்த சந்தை' என்று இதை எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது முழு உண்மை இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான், ஜனவரி 24 அன்று, அதானி குழுமத்தைப் பற்றி ஹிண்டன்பர்க் அறிக்கை வெளியாகியிருந்தது. பட்ஜெட் நாள் மதியம் அதானி எண்டர்பிரைசஸ் பங்கு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அக்குழுமத்தின் பத்திரங்களை அடமானமாக ஏற்பதை ஒரு வெளிநாட்டு வங்கி நிறுத்திவிட்டது என்ற செய்தி அன்றுதான் பரவியது. அந்தப் பயம் வங்கிப் பங்குகளுக்கும் தொற்றியது. அன்று இரவே 20,000 கோடி ரூபாய் பங்கு வெளியீட்டை நிறுவனம் திரும்பப் பெற்றது. இத்தனைக்கும் நடுவில், சந்தை விட்டுக்கொடுத்த ஆயிரம் புள்ளியில் பட்ஜெட்டின் பங்கு எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? பட்ஜெட் நாளில் நடப்பதெல்லாம் பட்ஜெட்டால் நடப்பது என்று எடுத்துக்கொண்டால் முதல் படியிலேயே சறுக்கிவிடுவோம்.

செய்தியின் உள்ளடக்கத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு விசையும் உண்டு, அது பட்ஜெட்டுக்கு முன்பே எடுத்து வைத்த நிலைகள். ஒரு துறைக்கு நல்லது வரும் என்று பேச்சு கிளம்பினால் அதில் வாரக்கணக்கில் முன்னதாகவே வாங்குகிறார்கள். அறிவிப்பு வருகிற நொடியில் கடைசியாக ஒரு கூட்டம் வாங்க வரும். முன்பே வாங்கி வைத்தவர்களுக்கு விற்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர்கள் விற்பது அறிவிப்பு மோசம் என்பதால் இல்லை, காத்திருந்த நிகழ்வு முடிந்துவிட்டது என்பதால்தான். நீங்கள் 'வேண்டுமென்றே' என்று சந்தேகிக்கிற அசைவில் பெரும்பகுதி இதுதான். எதிர்த் திசையிலும் இது நடக்கும். வீழ்ச்சிக்குப் பயந்து காப்புக்காக, விலை விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷன் வாங்கியவர்கள், பட்ஜெட் முடிந்ததும் அதை விற்றுவிடுகிறார்கள். அந்தப் புட்களை விற்றிருந்தவர்கள் தங்கள் பாதுகாப்புக்காக, கையில் இல்லாமலே விற்று வைத்திருந்த ஷார்ட் நிலைகளைத் திரும்ப வாங்குகிறார்கள். இதனாலேயே குறியீடு கொஞ்சம் மேலே போகலாம். பட்ஜெட்டுக்கு முன் ஆப்ஷன் விலைகளில் பதற்றம் ஏறி, முடிந்ததும் வடிவதை இந்தியா விக்ஸ் குறியீட்டில் வழக்கமாகப் பார்க்கலாம். அது உறுதியான விஷயம். அந்த வடிதல் பங்கு விலையை எவ்வளவு தள்ளியது என்பது ஒவ்வொரு முறையும் வாதத்துக்குரிய விஷயம்.

இதுவரை சொன்னவை மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடக்கிற திருப்பங்கள். மாதங்கள் எடுத்து வருகிற ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நகைத் துறைக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது என்று தோன்றும். அன்று டைட்டன் 6 சதவீதத்துக்கும் மேல் ஏறியது.

நகை நிறுவனத்தின் கையிருப்பை யோசித்துப் பாருங்கள். சர்வதேச விலையில் 100 ரூபாய் தங்கம் 15 ரூபாய் வரி கட்டி 115 ரூபாய்க்குக் கடைக்குள் வந்து நகையாக உட்கார்ந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அதே தங்கத்தை எவரும் 106 ரூபாய்க்கு இறக்குமதி செய்யலாம். கடையில் விற்கும் விலையும் அந்த 106ஐ ஒட்டித்தான் நிற்கும், பழைய வரி கட்டியவர் என்பதற்காக வாடிக்கையாளர் கூடக் கொடுக்க மாட்டார். ஆக விற்காமல் இருக்கிற ஒவ்வொரு 115 ரூபாய் சரக்கிலும் 9 ரூபாய் போய்விட்டது. பெரிய நகை நிறுவனங்கள் தங்க விலை ஏற்ற இறக்கத்துக்கு எதிராக ஹெட்ஜ் எனப்படும் காப்பு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அந்த ஹெட்ஜ் தங்கத்தின் விலையைக் காக்கும், அரசு திடீரென்று மாற்றுகிற வரிப் பகுதியைக் காக்காது. இந்த நஷ்டம் அன்றே கணக்கில் தெரியாது. சரக்கு விற்க விற்க, அடுத்த காலாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

அப்படியே வந்தது. 2024 செப்டம்பர் காலாண்டு முடிவை நவம்பரில் அறிவித்தபோது, சுங்க வரிக் குறைப்பால் மட்டும் சுமார் 290 கோடி ரூபாய் நஷ்டம் என்று டைட்டன் சொன்னது. ஒருங்கிணைந்த லாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. பங்கும் ஏறக்குறைய பட்ஜெட்டுக்கு முந்தைய நிலைக்கே வந்து சேர்ந்திருந்தது. கவனியுங்கள், முதல் நாள் வாங்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. வரி குறைந்ததால் விலை குறையும், கூட்டம் வரும், கடத்தல் தங்கத்தோடு போட்டி போட முடியும் என்று அவர்கள் நினைத்தது சரிதான், அந்தக் காலாண்டில் நகை விற்பனை நன்றாகவே வளர்ந்தது. ஆனால் லாபத்துக்கு வந்த முதல் விளைவு நஷ்டமாக இருந்தது. நல்லது மெதுவாகவும் கெட்டது முன்னதாகவும் வந்தன. ஆய்வாளர்களில் சிலர் பட்ஜெட் வாரத்திலேயே இந்தக் கையிருப்பு நஷ்டத்தைச் சுட்டிக் காட்டினார்கள். அந்த நேரத்து உற்சாகத்தில் அது எடுபடவில்லை. நவம்பர் விலைக்கு இது ஒன்றே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன், அப்போது ஒட்டுமொத்தச் சந்தையே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம், அறிவிப்பே மாறிவிடுவதும் உண்டு. பட்ஜெட்டில் சொல்வது முன்மொழிவு, நிதி மசோதா நிறைவேறும் வரை அது திருத்தப்படலாம், பின்னாலும் பின்வாங்கலாம். 2019 ஜூலை பட்ஜெட்டில் அதிக வருமானத்தினர் மீது போட்ட கூடுதல் சர்சார்ஜ், அறக்கட்டளை வடிவில் இயங்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களையும் தாக்கியது. அவர்கள் விற்றுக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று பங்கு விற்பனை லாபத்துக்கு அந்த உயர்வு கிடையாது என்று அரசு அறிவித்தது. 2024 ஜூலையில் வீடு, மனை விற்பனைக்கு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் இண்டெக்சேஷன் எடுக்கப்பட்டதும் ரியல் எஸ்டேட் பங்குகள் அடி வாங்கின. இரண்டே வாரத்தில், பட்ஜெட் நாளுக்கு முன் வாங்கிய சொத்துக்குத் தனிநபர்கள் பழைய முறை, புதிய முறை இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தம் வந்தது. எந்த அறிவிப்புக்கு எதிராகப் பெருங்கூட்டம் ஒன்று கூச்சல் போட முடியுமோ, அது திரும்பும் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'முதல் அசைவுக்கு எதிராக வியாபாரம் செய்தால் போதும்' என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் அசைவு எப்போதும் மிகையாக இருக்கும் என்பது விதி அல்ல. 2021 பிப்ரவரி 1 அன்று சென்செக்ஸ் 2,314 புள்ளி ஏறியது. புதிய வரி வரும் என்ற பயம் பொய்த்த நிம்மதி அது. அந்த ஏற்றத்துக்கு எதிராக விற்றவர்கள் அடுத்த நாட்களில் தவித்தார்கள். 2018இல் இதற்கு நேர் மாறாக, நீண்டகால மூலதன ஆதாய வரி திரும்பி வந்த அன்று சந்தை விழுந்து, எழுந்து, வெறும் 58 புள்ளி இறக்கத்தில் முடிந்தது. மறுநாள் 840 புள்ளி விழுந்தது. முதல் நாள் எதிர்வினை அங்கே குறைவாக இருந்தது என்று சொல்லலாம். உலகச் சந்தைகளில் வட்டி விகிதப் பயம் அதே நேரத்தில் பரவிக்கொண்டிருந்ததால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. திரும்பிய பங்குகள் நம் நினைவில் ஒட்டிக்கொள்கின்றன, ஏறிய இடத்திலேயே நின்ற பங்குகளைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. 'அடிக்கடி திரும்புகிறது' என்பதில் அந்த மறதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முன்கூட்டியே தெரிந்துகொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்ன அறிவிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள நியாயமான வழி எதுவும் இல்லை. ஆனால் எந்த வகை அறிவிப்பு நிற்கும், எது ஆடும் என்று ஓரளவு தரம் பிரிக்கலாம். நாளையிலிருந்தே அமலாகி, ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு விற்பனையிலும் இத்தனை ரூபாய் என்று எண்ணிச் சொல்ல முடிகிற மாற்றம், அதாவது சுங்கம், கலால் போன்றவை, அட்டவணை கைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சரியான விலையை நோக்கிப் போய்விடும். அதற்குப் பிறகு உங்களுக்கு அதில் கிடைக்க ஒன்றும் மிச்சமிருக்காது, கையிருப்பு மாதிரி மறைந்து நிற்கிற கணக்கு ஏதாவது இருந்தாலொழிய. ஒரு பொருளை வாங்குவதற்கான காரணத்தையே எடுத்துவிடுகிற மாற்றம், காப்பீட்டில் நடந்தது போல, மெதுவாகவும் நீளமாகவும் வேலை செய்யும். ஒதுக்கீடுகளும் திட்டங்களும் முதல் நாள் சத்தம் அதிகம், கணக்குக்கு வர வருடம் ஆகும். இடைப்பட்ட நாட்களில் விலை எங்கே வேண்டுமானாலும் அலையும்.

வரிச் சலுகை மூலம் மக்கள் கையில் பணம் விடுகிற அறிவிப்புகள்தான் கணிக்க மிகக் கடினமானவை. 2025 பிப்ரவரி 1 அன்று, புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்றார்கள். அரசு விட்டுக்கொடுக்கும் நேரடி வரி ஏறக்குறைய 1 லட்சம் கோடி. கார், நுகர்பொருள், சில்லறை விற்பனைப் பங்குகள் ஏறின. அந்த மாதமே அவற்றில் பல அந்த ஏற்றத்தை இழந்தன. பணம் உண்மையில் கைக்கு வருவது ஏப்ரல் சம்பளத்திலிருந்துதான். வந்த பணத்தில் எவ்வளவு செலவாகும், எவ்வளவு கடன் தவணைக்குப் போகும், எவ்வளவு சேமிப்புக்குப் போகும் என்பதைப் பட்ஜெட் நாளில் யாராலும் அளக்க முடியாது. செலவானாலும் அது குறிப்பாக இந்த நிறுவனத்தின் பொருளுக்குத்தான் போகும் என்பது இன்னொரு ஊகம். ஊகத்தின் மேல் ஊகமாக நிற்கிற விலை, திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்தாலே ஆடிவிடும். 2025இல் வந்ததும் அதுதான். சனிக்கிழமை பட்ஜெட், அடுத்த திங்கட்கிழமை சந்தை பேசிக்கொண்டிருந்தது கனடா, மெக்சிகோ மீதான அமெரிக்க இறக்குமதி வரியைப் பற்றி.

நான் செய்வது இவ்வளவுதான். உரை நடக்கும்போது எதையும் வாங்குவதில்லை, விற்பதில்லை. ஆவணங்கள் தளத்தில் ஏறியதும் நிதி மசோதாவின் விளக்கக் குறிப்பில் அந்த மாற்றத்தின் அமல் தேதியையும், எந்த அடிப்படையின் மீது சதவீதம் என்பதையும் முதலில் பார்ப்பேன். பிறகு அதை நிறுவனத்தின் ஒரு அலகு விற்பனைக்கு இத்தனை காசு என்று இறக்கிப் பார்ப்பேன். அப்படி இறக்க முடியவில்லை என்றால், அன்றைய விலை அசைவு எனக்கு எதையும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வேன். பட்ஜெட்டுக்கு முந்தைய ஒரு மாதத்தில் அந்தத் துறை குறியீட்டைவிட எவ்வளவு அதிகம் ஏறியிருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதி வைப்பேன், ஏனென்றால் நல்ல அறிவிப்பு வந்தும் இறங்குகிற பங்குகளில் அந்த எண் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.